504 வந்தால் திரும்ப அனுப்பாதீர்கள், முதலில் தேடிப் பாருங்கள்

கேள்வி: "வேர்ட்பிரஸ் தளம் ஒன்றுக்கு ஏபிஐ வழியாகக் கட்டுரைகளை அனுப்பும் நிரல் எழுதியிருக்கிறேன். சில நேரம் 403, சில நேரம் 429, சில நேரம் 504 வருகிறது. எந்தப் பிழை வந்தாலும் ஐந்து முறை வரை மீண்டும் அனுப்பும்படி வைத்திருந்தேன். நேற்று ஒரே கட்டுரை மூன்று முறை வெளியாகிவிட்டது. எந்தப் பிழைக்கு மீண்டும் முயலலாம், எதற்குக் கூடாது?"

மூன்று பிரதிகளுக்குக் காரணம் பெரும்பாலும் அந்த 504 தான். 403 என்பது மறுப்பு. 429 என்பது "பிறகு வா". இரண்டிலும் கட்டுரை உள்ளே போகவே இல்லை. 504 அப்படியல்ல. குறிப்பிட்ட நேரத்துக்குள் பதில் வரவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. வேலை நடந்ததா இல்லையா என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. எனவே எந்தப் பிழை வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: சர்வர் என் வேலையைச் செய்துவிட்டதா? "செய்யவில்லை, பிறகு செய்யும்" என்றால் காத்திருந்து அனுப்பலாம். "செய்யவில்லை, இப்படியே அனுப்பினால் என்றைக்கும் செய்யாது" என்றால் நிறுத்த வேண்டும். "தெரியவில்லை" என்றால் திரும்ப அனுப்புவதற்கு முன் போய்ப் பார்க்க வேண்டும். உங்கள் நிரல் இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்துவிட்டது.

504 வரும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். உங்கள் கோரிக்கையை முதலில் வாங்குவது வேர்ட்பிரஸ் அல்ல. அதற்கு முன்னால் நிற்கும் `nginx` போன்ற ஒரு சர்வர். அது கோரிக்கையைப் பிஎச்பியிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும். எவ்வளவு நேரம் என்பதை `fastcgi_read_timeout` என்ற அமைப்பு தீர்மானிக்கிறது. யாரும் மாற்றாவிட்டால் அது 60 விநாடி. பிஎச்பி பக்கத்தில் கட்டுரை தரவுத்தளத்தில் பதிவாக ஒரு விநாடிகூட ஆகாது. `publish` என்ற நிலையோடு வரிசை எழுதப்பட்டுவிடும். அதன் பிறகுதான் பிளகின்களின் முறை வருகிறது: சந்தாதாரர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவது ஒன்று, சமூக ஊடகத்தில் இணைப்பைப் போடுவது இன்னொன்று. இவற்றில் ஏதோ ஒன்று வெளியே உள்ள சர்வரின் பதிலுக்காகக் காத்து நின்றால் 60 விநாடி கடந்துவிடுகிறது. `nginx` பொறுமை இழந்து உங்களுக்கு 504 கொடுத்துவிடுகிறது. பிஎச்பியோ, நீங்கள் போய்விட்டதை அறியாமல் தன் வேலையைத் தொடர்ந்து முடிக்கிறது. பிஎச்பிக்கு 30 விநாடி வரம்பு இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். லினக்ஸில் அந்தக் `max_execution_time` நிரல் தானே இயங்கும் நேரத்தை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறது. வெளிச்சர்வருக்காகக் காத்திருக்கும் நேரம் அதில் சேராது.

இப்போது உங்கள் நிரலின் பக்கம் வாருங்கள். 504 வந்ததும் அது அதே கட்டுரையை மறுபடி அனுப்புகிறது. வேர்ட்பிரஸுக்கு அது புதுக் கட்டுரை. முகவரியில் வரும் பெயரான `slug` ஏற்கெனவே அதே வடிவில் இருப்பதால் முடிவில் `-2` சேர்த்துப் புதிதாக உருவாக்குகிறது. மறுபடியும் 504, மறுபடியும் ஒரு பிரதி, இம்முறை `-3`. அந்த மூன்றாவது முயற்சிக்கு நேரத்துக்குள் பதில் கிடைத்திருக்கும். உங்கள் நிரலும் வெற்றி என்று குறித்துக்கொண்டு நின்றிருக்கும். இதை நீங்களே சரிபார்க்கலாம். மூன்று பிரதிகளின் முகவரிகளையும் வெளியான நேரங்களையும் பாருங்கள். முகவரியின் முடிவில் `-2`, `-3` இருந்து, நேரங்களுக்கு இடையே ஒரு நிமிடமும் உங்கள் நிரல் காத்திருந்த நேரமும் சேர்ந்த இடைவெளி இருந்தால் நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது. இடைவெளி ஓரிரு விநாடிதான் என்றால் காரணம் வேறு. உங்கள் நிரலே ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் ஓடியிருக்கலாம். எந்தப் பிளகின் தாமதித்தது என்பது மட்டும் வெளியிலிருந்து தெரியாது. அதற்குச் சர்வரின் பதிவேடு வேண்டும்.

400 வரிசைப் பிழைகளை விரைவாகக் கடந்துவிடலாம். ஏனெனில் இவற்றில் 408, 429 போன்ற ஓரிரண்டைத் தவிர மற்றவற்றை அப்படியே திரும்ப அனுப்புவதில் பயனே இல்லை. 400 வந்து உள்ளே `rest_invalid_param` என்று இருந்தால் எந்தப் புலம் தவறு என்பதை அந்தப் பதிலே `params` பகுதியில் சொல்லிவிடும். வகையின் எண்ணைத் தர வேண்டிய இடத்தில் பெயரைத் தருவது, தேதியைத் தவறான வடிவில் தருவது ஆகியவை அடிக்கடி காணும் தவறுகள். 413 என்றால் நீங்கள் அனுப்பியது அளவில் பெரியது. `nginx` தானாக ஏற்கும் அளவு ஒரு மெகாபைட்தான் என்பதால் படம் ஏற்றும்போது இது எளிதில் வரும்.

401, 403 இரண்டையும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் வேர்ட்பிரஸ் இங்கே ஒரு நல்ல துப்பு தருகிறது. `rest_cannot_create` என்ற ஒரே பிழைப்பெயர் சில நேரம் 401 உடனும் சில நேரம் 403 உடனும் வரும். 401 என்றால் நீங்கள் யார் என்றே அதற்குத் தெரியவில்லை. 403 என்றால் தெரிகிறது, ஆனால் உங்களுக்கு அந்த உரிமை இல்லை. கடவுச்சொல் சரியாக இருந்தும் 401 வந்தால், `Authorization` ஹெடர் வழியிலேயே கழன்றுவிட்டதா என்று பாருங்கள். அப்பாச்சி சர்வரில் பிஎச்பியைச் சிஜிஐ வழியாக ஓட்டும் சில அமைப்புகளில் இது நடக்கும். 403 வந்து `rest_cannot_publish` என்று இருந்தால் அந்தக் கணக்குக்கு வரைவு எழுதும் உரிமை மட்டும் உண்டு, வெளியிடும் உரிமை இல்லை. இவை எல்லாம் மனிதர் ஒருவர் போய்ச் சரிசெய்ய வேண்டியவை. ஐந்து முறை என்ன, ஐம்பது முறை அனுப்பினாலும் உரிமை வந்துவிடாது.

ஆனால் உங்களுக்கு 403 "சில நேரம்" மட்டும் வருகிறது என்கிறீர்கள். அந்தச் சொல் எனக்கு வேறொன்றைச் சொல்கிறது. உரிமை இல்லாத கணக்காக இருந்தால் எல்லாக் கட்டுரைக்கும் 403 வரும். சில கட்டுரைகளுக்கு மட்டும் வந்தால், பதிலின் உள்ளடக்கத்தைப் பாருங்கள். அது ஜேசானாக இருந்து `code` என்ற புலம் இருந்தால் பேசுவது வேர்ட்பிரஸ். அது ஒரு எச்டிஎம்எல் பக்கமாக இருந்தால் பெரும்பாலும் முன்னால் உள்ள பாதுகாப்புச் சுவர் பேசுகிறது. கட்டுரைக்குள் `<script>` என்றோ தரவுத்தளக் கட்டளை போன்ற ஒரு வரியோ இருந்தால் அது தாக்குதல் என்று எண்ணித் தடுத்துவிடும். இந்த இடத்தில் திரும்பத் திரும்ப அனுப்புவது வீண் மட்டுமல்ல, கெடுதலும்கூட; உங்கள் ஐபி முகவரியையே தடைப்பட்டியலில் சேர்த்துவிடக்கூடும். நிலைக்குறியீட்டைப் பார்ப்பதற்கு முன் `Content-Type` ஹெடரைப் பார்க்கும் பழக்கம் இதற்காகத்தான். பதில் சொல்வது யார் என்று தெரியாமல் சொன்னது என்ன என்று ஆராய்வதில் பொருளில்லை.

தயங்காமல் மீண்டும் முயலக்கூடியவை 429ம் பராமரிப்பு நேரத்து 503ம்தான். கட்டுரை அனுப்பும்போது வேர்ட்பிரஸ் தானாக 429 தருவதில்லை. வாடகைச் சர்வர் நிறுவனமோ இடையில் உள்ள சேவையோ ஒரு பிளகினோ தருகிறது. பதிலில் `Retry-After` ஹெடர் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் விநாடிக் கணக்கு இருக்கலாம், அல்லது ஒரு முழுத் தேதியும் நேரமும் இருக்கலாம். இரண்டையும் படிக்க உங்கள் நிரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே பலர் தவறவிடும் ஒன்று உண்டு. அந்த ஒரு கட்டுரையை மட்டும் நிறுத்திவிட்டு அடுத்ததை உடனே அனுப்பக் கூடாது. வரம்பு உங்கள் கணக்குக்கோ ஐபி முகவரிக்கோதான், கட்டுரைக்கு அல்ல. எனவே வரிசை முழுவதும் காத்திருக்க வேண்டும். 503ஐப் பொறுத்தவரை, வேர்ட்பிரஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது `.maintenance` என்ற கோப்பை வைத்துவிட்டு வருகிறவர்களை எல்லாம் 503 கொடுத்துத் திருப்பி அனுப்பும். கூடவே `Retry-After: 600` என்றும் சொல்லும். இந்தச் சோதனை எல்லாவற்றுக்கும் முதலில் நடப்பதால் உங்கள் கட்டுரையை அது தொட்டிருக்காது. பத்து நிமிடம் கழித்துத் தைரியமாக அனுப்பலாம்.

இணைப்பே கிடைக்காத நிலையும் பாதுகாப்பானதுதான். சர்வரோடு இணைய முடியவில்லை என்றால் உங்கள் கோரிக்கை போய்ச் சேரவே இல்லை. இணைந்து, அனுப்பி, பதிலுக்குக் காத்திருக்கும்போது நேரம் முடிந்தால் அது 504 போன்ற நிலை. பைத்தானின் `requests` நூலகம் இவற்றை `ConnectTimeout`, `ReadTimeout` என்று தனித்தனியாகவே தருகிறது. இரண்டையும் ஒரே `except` வரியில் பிடித்தால் அந்த வேறுபாடு வீணாகிறது.

500, 502 இரண்டும் 504ஐப் போலவே "தெரியவில்லை" வகைதான், ஆனால் 500இல் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. `db_insert_error` என்று வந்தால் பதிவாகவில்லை என்பது உறுதி. `internal_server_error` என்று வந்தால் பிஎச்பி நடுவழியில் விழுந்துவிட்டது; எந்த இடத்தில் விழுந்தது என்பதுதான் கேள்வி. ஏபிஐ வழியாகக் கட்டுரை உருவாகும்போது தலைப்பும் உள்ளடக்கமும் முதலில் எழுதப்படும். முகப்புப் படமும் வகைகளும் குறிச்சொற்களும் அதற்குப் பிறகுதான் சேர்க்கப்படும். இடையில் ஒரு பிளகின் விழுந்தால் நீங்கள் கேட்ட வகை இல்லாமல், படம் இல்லாமல் அரைகுறையாக ஒரு கட்டுரை தளத்தில் நிற்கும். ஆகவே 500க்குப் பிறகு போய்ப் பார்த்து, கட்டுரை இருக்கிறது என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. அதன் எண்ணை எடுத்து எல்லாப் புலங்களையும் அந்த எண்ணுக்கே திரும்ப அனுப்ப வேண்டும்.

இனி உங்கள் நிரலை எப்படி மாற்றுவது என்பதற்கு வருகிறேன். அடிப்படைச் சிக்கல், உருவாக்கும் கோரிக்கையை இரண்டு முறை அனுப்பினால் இரண்டு கட்டுரை உருவாகும் என்பது. சில ஏபிஐகள் `Idempotency-Key` என்ற ஹெடரை ஏற்கின்றன. ஒரே சாவியோடு எத்தனை முறை வந்தாலும் ஒரு முறைதான் செய்யும். வேர்ட்பிரஸில் அந்த வசதி இயல்பாக இல்லை. அதனால் உருவாக்குவதையும் வெளியிடுவதையும் பிரித்துவிடுங்கள். முதலில் வரைவாக, உங்கள் பக்கத்தில் அந்தக் கட்டுரைக்கு உள்ள எண்ணையே `slug` ஆகக் கொடுத்து உருவாக்குங்கள்:

```
POST /wp-json/wp/v2/posts
{"title": "...", "content": "...",
 "status": "draft", "slug": "src-2041"}
```

201 வந்தால் அதில் உள்ள `id` எண்ணை உடனே உங்கள் தரவுத்தளத்தில் எழுதிவிடுங்கள். 500, 502, 504 அல்லது பதிலுக்கான காத்திருப்பு முடிந்துபோனது என்று வந்தால் ஒரு நிமிடம் பொறுத்துத் தேடுங்கள்:

```
GET /wp-json/wp/v2/posts?slug=src-2041&status=any&context=edit
```

`status=any` மிக முக்கியம். அது இல்லாவிட்டால் வெளியான கட்டுரைகளை மட்டும் தேடிவிட்டு, வரைவு இருந்தாலும் இல்லை என்றே சொல்லும். இதற்கும் உள்நுழைவுச் சான்று தேவை. வெற்றுப் பட்டியல் வந்தால் மட்டும் மறுபடி உருவாக்குங்கள். கட்டுரை கிடைத்தால், எடுத்துக்காட்டாக அதன் எண் 815 என்றால், அடுத்த அடி இது:

```
POST /wp-json/wp/v2/posts/815
{"status": "publish", "slug": "...",
 "categories": [7], "featured_media": 640}
```

இந்த இரண்டாவது கோரிக்கைக்கு 504 வந்தால் கவலையில்லை. அது புதிதாக எதையும் உருவாக்குவதில்லை. 815ஐ ஒரு நிலைக்குக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். இரண்டு முறை அனுப்பினாலும் அதே கட்டுரை, அதே நிலை. வரைவாக உருவாக்குவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: மின்னஞ்சல் அனுப்பும் பிளகின்கள் பொதுவாக வெளியிடும் தருணத்தில்தான் விழித்துக்கொள்ளும். ஆகவே முதல் கோரிக்கை விரைவாக முடிந்துவிடும். 504 வரும் வாய்ப்பே குறையும். அப்படியும் இரட்டை வரைவு உருவானால் வாசகர் கண்ணில் படாது.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. முதல் கோரிக்கை உள்ளே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் தேடினால் கிடைக்காமல் போகலாம். ஒரு நிமிடம் பொறுக்கச் சொன்னது அதற்காக. அந்த ஒரு நிமிடம் எப்போதும் போதும் என்று நான் உறுதி தர மாட்டேன். ஆசிரியர் யாராவது இடையில் வரைவைத் திறந்து `slug` ஐ மாற்றிவிட்டாலும் தேடல் ஏமாற்றும். ஆனால் இவை அரிதாக நடப்பவை. அப்போதும் மிஞ்சுவது ஒரு தேவையற்ற வரைவுதான்.

நீக்கும் கோரிக்கையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முதல் முறை பதில் வராமல் போய், இரண்டாம் முறை 410ம் `rest_already_trashed` என்ற பெயரும் வந்தால் அது பிழை போலத் தெரிந்தாலும் உண்மையில் வெற்றிச் செய்தி: முதல் முறையே வேலை முடிந்துவிட்டது. படம் ஏற்றும்போது 500 வந்தால் `X-WP-Upload-Attachment-ID` என்ற ஹெடரைத் தேடுங்கள். இருந்தால் படம் ஏறிவிட்டது, சிறு அளவுகள் உருவாக்கும்போதுதான் சர்வர் விழுந்தது. மீதி வேலையை `/wp-json/wp/v2/media/<id>/post-process` என்ற முகவரியில் தொடரலாம், படத்தை மறுபடி ஏற்ற வேண்டாம்.

காத்திருக்கும் நேரத்தைப் பொறுத்தவரை, `Retry-After` சொன்னால் அது சொன்னபடி. சொல்லாவிட்டால் 429க்கும் 503க்கும் 5, 10, 20, 40 விநாடி என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றிலும் சில விநாடிகளை முன்பின்னாகக் கலந்து விடுங்கள். அப்படிக் கலக்காவிட்டால் ஒன்றாகத் தடுக்கப்பட்ட நிரல்கள் எல்லாம் ஒரே விநாடியில் மறுபடி வந்து மோதும். நான்கு முறைக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் நிறுத்தி, மனிதர் பார்க்கும் பட்டியலில் போட்டுவிடுவது என் வழக்கம். இந்த எண்கள் அனுபவத்தில் வைத்தவை; விதி எதுவும் இல்லை.

வெற்றி என்று எதை எண்ணுகிறீர்கள் என்பதையும் ஒரு முறை பாருங்கள். உருவாக்கும்போது 201 வந்தால்தான் வெற்றி, 200 அல்ல. முகவரியில் `https` என்பதற்குப் பதில் `http` என்று எழுதியிருந்தால் சர்வர் 301 கொடுத்துத் திருப்பிவிடும். பல நூலகங்கள் அப்படித் திரும்பும்போது POST கோரிக்கையை GET ஆக மாற்றிவிடும். உங்களுக்கு அழகாக 200 வரும், உள்ளே தளத்தின் அண்மைக் கட்டுரைகளின் பட்டியல் இருக்கும், உங்கள் கட்டுரை மட்டும் எங்கும் இருக்காது. இது இரட்டைப் பதிவைவிட மோசமானது, ஏனெனில் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள்.

நேற்று வெளியான மூன்றில் `-2`, `-3` இல்லாத முதல் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டையும் குப்பைக்கு அனுப்பும் முன் அவற்றின் பழைய முகவரிகளைக் குறித்துவையுங்கள். குப்பைக்குப் போனதும் வேர்ட்பிரஸ் அவற்றின் `slug` முடிவில் `__trashed` என்று சேர்த்துவிடும், பழைய முகவரிக்கு வருகிறவர்களுக்கு 404 கிடைக்கும். மின்னஞ்சல் பிளகின் மூன்று முறையும் ஓடியிருந்தால் அந்த முகவரிகள் ஏற்கெனவே வாசகர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கும். ஆகவே அந்த இரண்டிலிருந்தும் முதல் பிரதிக்கு 301 திருப்புதல் போட்டுவிட்டு, அதன் பிறகு நீக்குங்கள்.